கலக்காமல் நிற்கும் சர்க்கரைத் தண்ணீர்: வண்ண அடுக்குகளை வகுப்பில் காட்டுவது எப்படி?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடர்த்தி பாடத்துக்காக, வண்ணச் சர்க்கரைக் கரைசல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டப் போகிறேன். ஒருமுறை செய்து பார்த்தேன், எல்லா நிறமும் சேர்ந்து பழுப்பாகிவிட்டது. எவ்வளவு சர்க்கரை போட வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும்? சர்க்கரைத் தண்ணீர் தண்ணீரோடு கலக்கக்கூடியதுதானே, பிறகு ஏன் கலக்காமல் நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில்:

ஐந்து டம்ளர்களில் தலா 100 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் சர்க்கரை வேண்டாம். மற்ற நான்கில் முறையே 15, 30, 45, 60 கிராம் சர்க்கரை போட்டு முழுவதும் கரையுங்கள். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். அடுக்கும்போது மேலிருந்து ஊற்றாமல், கனமான கரைசலை அடியில் கொண்டுபோய் மெதுவாக விடுங்கள். இவ்வளவுதான் செய்முறை. பழுப்பாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும்: கரைசல் உயரத்திலிருந்து விழுந்தது, அல்லது ஏதோ ஒரு கரைசல் சூடாக இருந்தது. இரண்டையும் கீழே விளக்குகிறேன். ஆனால் பிள்ளைகளின் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எப்படி ஊற்ற வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த அடுக்குகள் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றையொன்று ஒதுக்குவதில்லை. எண்ணெயையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் தானாகப் பிரிந்துவிடும். சர்க்கரை அடுக்குகளை ஒருமுறை கலக்கிவிட்டால் எத்தனை நாள் காத்திருந்தாலும் திரும்பப் பிரியாது. இரண்டு சர்க்கரை அடுக்குகளுக்கு நடுவே தோல் போன்ற எதுவும் கிடையாது. எல்லைக்கு மேலேயும் தண்ணீர்தான், கீழேயும் தண்ணீர்தான். மேலே இருக்கும் மூலக்கூறு கீழே வரலாம், கீழே இருப்பது மேலே போகலாம். அதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

அப்படியானால் அடர்த்தி என்னதான் செய்கிறது? அது புரட்டிப்போடுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். கீழே இருக்கும் கனமான கரைசலில் ஒரு சிறு பகுதியை மேல் அடுக்குக்குள் தூக்கிவிட்டால், சுற்றியிருப்பதைவிட அது கனம், எனவே திரும்பக் கீழே இறங்கும். மேலே இருக்கும் இலேசான கரைசலில் ஒரு பகுதியைக் கீழே தள்ளினால், மிதப்பு விசை அதை மறுபடி மேலே அனுப்பும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பழைய இடத்துக்கே திருப்பும் ஒரு தள்ளல் இருக்கிறது. ஆக, இந்த அடுக்குகளைக் கலக்க வெளியிலிருந்து யாராவது ஆற்றல் கொடுக்க வேண்டும். கரண்டியால் சுற்றினாலும் சரி, உயரத்திலிருந்து ஊற்றினாலும் சரி, அந்த ஆற்றலை நாம்தான் கொடுக்கிறோம். "அடுக்குகள் கலக்காது" என்று வகுப்பில் சொல்லாதீர்கள், அது தவறு. "கனமானது கீழே இருப்பதால் தானாகப் புரளாது, நாம் கலக்காதவரை மிக மெதுவாகத்தான் கலக்கும்" என்று சொல்வதுதான் சரியான பதில்.

அந்தத் தள்ளல் எவ்வளவு பலவீனமானது என்பதை அடுக்கி முடித்தபின் கண்ணாலேயே பார்க்கலாம். பாத்திரத்தை மெல்லச் சாய்த்து நிமிர்த்துங்கள். மேற்பரப்பு சட்டென்று அடங்கிவிடும், உள்ளே இருக்கும் நிற எல்லைகளோ வெகுநேரம் சோம்பலாக ஆடிக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் தண்ணீருக்கு மேலே காற்றுதான், அடர்த்தி வேறுபாடு மிகப் பெரியது. உள்ளே வேறுபாடு வெறும் மூன்று முதல் ஐந்து சதவீதம். அதனால் அங்கே அலை ஏறக்குறைய ஏழு மடங்கு மெதுவாக ஆடும். இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அடுக்குகளின் அழகைவிட இதில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது.

சரி, சர்க்கரையின் அளவுக்கு வருவோம். 100 மில்லி தண்ணீரில் 60 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் மொத்த நிறை 160 கிராம். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. கனஅளவு எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கரைந்து மறைந்துவிட்டதால் 100 மில்லியாகவே இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். 160 ஆகும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் இல்லை, ஏறக்குறைய 137.5 மில்லி வரும். கரைந்த சர்க்கரை ஒரு கிராமுக்குச் சுமார் 0.6 மில்லி இடம் பிடிக்கிறது. தண்ணீர் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி பிடிக்கிறது. அடுக்குகள் நிற்பதற்கான காரணம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சர்க்கரையும் கிராமுக்கு ஒரு மில்லி பிடித்திருந்தால், எவ்வளவு கரைத்தாலும் அடர்த்தி மாறாது, அடுக்கவும் முடியாது. சர்க்கரை இடமே பிடிக்காமல் இருந்திருந்தால் அடர்த்தி 1.6 ஆகியிருக்கும். உண்மை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: 160 கிராமை 137.5 மில்லியால் வகுத்தால் மில்லிக்கு 1.16 கிராம்.

மற்ற டம்ளர்களுக்கும் இப்படியே கணக்குப் போடலாம். அறை வெப்பநிலையில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 1.00 கிராம், 15 கிராம் சர்க்கரை போட்டது 1.05, 30 போட்டது 1.095, 45 போட்டது 1.13, 60 போட்டது 1.16. ஒவ்வொரு முறையும் அதே 15 கிராம்தான் கூட்டுகிறோம், ஆனால் அடர்த்தியின் ஏற்றம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் இரண்டுக்கும் இடையே 0.05 இருந்த இடைவெளி, கடைசி இரண்டுக்கும் இடையே 0.03 தான். சர்க்கரை கூடக்கூடக் கரைசலின் மொத்த அளவும் பெருகுகிறது, அடுத்த 15 கிராம் அந்தப் பெரிய அளவில் பரவிக்கொள்கிறது. இதனால்தான் அடியில் இருக்கும் இரண்டு அடுக்குகள் மேலே இருப்பவற்றைவிடச் சற்று எளிதாகக் கலங்கும். அது உங்களுக்குத் தொல்லையாக இருந்தால் கடைசி டம்ளரில் 60க்குப் பதில் 70 கிராம் போடுங்கள்.

அடுக்குவதற்கு முன் ஒரு வேலை செய்தால் பாடம் நன்றாகப் பதியும். டம்ளர்களில் எதில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதி வைக்காதீர்கள், நிறம் மட்டும் தெரியட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் சரியாக 100 மில்லி அளந்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து, தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். ஏறக்குறைய 100, 105, 109 அல்லது 110, 113, 116 என்று வரும். இப்போது எந்த நிறம் எங்கே நிற்கும் என்று அவர்களே பட்டியல் எழுதட்டும். அடுக்கியபின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடர்த்தி என்பது நிறையைக் கனஅளவால் வகுப்பது என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குக்கூட, தராசில் பார்த்த ஓர் எண் டம்ளருக்குள் ஓர் உயரமாக மாறுகிறது என்பது இங்கேதான் பிடிபடும்.

சர்க்கரையை இன்னும் அள்ளிப் போட்டால் அடுக்குகள் இன்னும் உறுதியாக நிற்குமே என்று தோன்றலாம். நிற்கும்தான். அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் 200 கிராம் வரைகூடச் சர்க்கரை கரையும். ஆனால் வகுப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. எடையில் பாதிக்குமேல் சர்க்கரை இருக்கும் கரைசல் பாகாகிவிடும். அறுபது சதவீதம் சர்க்கரை உள்ள கரைசலின் பாகுநிலை தண்ணீரைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். அதைப் பார்க்கும் பிள்ளை, "கெட்டியாக இருப்பது கீழே போகிறது" என்று முடிவு கட்டிக்கொள்ளும். அடர்த்தியையும் கெட்டித்தன்மையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இந்தப் பாடத்தில் அடிக்கடி நடப்பது. நான் சொன்ன அளவுகளில், மிகக் கனமான கரைசலின் பாகுநிலைகூட தண்ணீரைப் போல ஐந்து மடங்குதான். கையில் சாய்த்துப் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. யாராவது அப்போதும் கெட்டித்தன்மையைப் பற்றிப் பேசினால், சமையல் எண்ணெயைக் காட்டுங்கள். தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டியானது, ஆனாலும் மிதக்கிறது. அதன் அடர்த்தி சுமார் 0.92 தான்.

அடுத்தது வெப்பம். கவனமாகச் செய்பவர்களுக்கும் காலை வாரிவிடுவது இதுதான். சர்க்கரை சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் எடுப்போம், தவறில்லை. ஆனால் ஆறவிடாமல் அடுக்கினால் கணக்கு மாறிவிடும். தண்ணீரின் அடர்த்தி 20 டிகிரி செல்சியஸில் 0.998. அது 60 டிகிரியில் 0.983 ஆகவும், 80 டிகிரியில் 0.972 ஆகவும் குறைகிறது. அதாவது 60 டிகிரியில் இருக்கும் கரைசல் ஒன்றரை சதவீதம் இலேசாகிவிட்டது. பக்கத்து அடுக்கோடு இருந்த வேறுபாடே மூன்று முதல் ஐந்து சதவீதம்தான். அதில் பாதிவரை சூட்டிலேயே போய்விடுகிறது. நான்காவது கரைசலும் ஐந்தாவது கரைசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, ஐந்தாவது மட்டும் 80 டிகிரியில் இருந்தால், இரண்டுக்கும் இடையே மிச்சமே இருக்காது. அவை கலக்காமல் நின்றால்தான் ஆச்சரியம்.

அடுக்கி முடித்தபிறகும் சூடு வேலை காட்டும். சூடான கரைசல் பாத்திரத்தின் சுவர் ஓரமாக முதலில் ஆறும். ஆறிய பகுதி கனமாகி ஓரத்தில் இறங்கும், நடுவில் இருப்பது மேலே ஏறும். அடுக்குக்குள்ளேயே இப்படி ஒரு சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும், எல்லையை அது அரித்துக்கொண்டே இருக்கும். எனவே முந்தைய நாளே கரைத்து மூடி வைத்துவிடுவது நல்லது. ஐந்து டம்ளரும் ஒரே இடத்தில் இரவு முழுவதும் இருந்தால் வெப்பநிலை தானாக ஒன்றாகிவிடும். கரைந்ததா என்று பார்க்க டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடியில் துகள் இல்லாவிட்டாலும், கரைசலுக்குள் நெளியும் கோடுகள் தெரிந்தால் அடியில் அடர்த்தியாகவும் மேலே இலேசாகவும் இருக்கிறது என்று பொருள். இன்னும் கலக்க வேண்டும்.

இனி அடுக்குவது. இதில் விழும் உயரம்தான் எல்லாம், ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மேலிருந்து விழும் இலேசான கரைசல், வேகத்தோடு கனமான அடுக்குக்குள் நுழைகிறது. அதைத் திருப்பித் தள்ளுவது புவியீர்ப்பின் முழு வலு அல்ல, அடர்த்தி வேறுபாட்டுக்கு ஏற்ற ஒரு சிறு பங்கு மட்டுமே. வேறுபாடு நான்கு சதவீதம் என்றால், அந்தத் தள்ளல் விழவைத்த விசையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எனவே, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது 25 சென்டிமீட்டர் ஆழம் வரை போகலாம். நடைமுறையில் சுற்றியுள்ள கரைசலை இழுத்துக்கொண்டு போவதால் அதற்கு முன்பே வேகம் அடங்கிவிடும். ஆனால் அப்படி இழுத்துக்கொண்டு போவதைத்தானே நாம் கலங்கல் என்கிறோம்! ஒரு மில்லிமீட்டர் உயரம் என்றாலும் கணக்குப்படி இரண்டரை சென்டிமீட்டர் வரும், அது பாதி அடுக்குக்குமேல். ஆக, "மெதுவாக ஊற்று" என்று சொன்னால் போதாது. விழவே கூடாது. புதிய கரைசல் தன் அடுக்கு இருக்க வேண்டிய உயரத்திலேயே, வேகம் இல்லாமல் வந்து சேர வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது அடியிலிருந்து நிரப்பும் முறை. உயரமான, ஒடுங்கிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று எடுங்கள். சுமார் நான்கு சென்டிமீட்டர் விட்டம் இருந்தால், 50 மில்லி ஊற்ற நான்கு சென்டிமீட்டர் உயர அடுக்கு வரும், ஐந்து அடுக்கும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் நிற்கும், கடைசி வரிசையிலிருந்தும் தெரியும். ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சின் முனையில், பாத்திரத்தின் அடிவரை எட்டும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள், அதை எப்படி வேண்டுமானாலும் ஊற்றலாம். அப்புறம் 15 கிராம் கரைசலைச் சிரிஞ்சில் இழுத்து, குழாயிலும் முழுவதும் நிரம்பும்படி செய்து, குழாயின் நுனியை அடியில் ஊன்றி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு அழுத்துங்கள். வண்ணக் கரைசல் அடியில் பரவி, தண்ணீரை அப்படியே மேலே தூக்கும். அடுத்து 30 கிராம் கரைசல், அதுவும் அடியில். இப்படியே 60 வரை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். குழாய்க்குள் காற்று இருந்தால் குமிழி எல்லா அடுக்கையும் கிழித்துக்கொண்டு மேலே வரும், ஒவ்வொரு எல்லையிலும் ஒரு நிறக்கோடு இழுத்துவிடும். மற்றது, குழாயை வெளியே எடுக்கும் நேரம். கடைசிச் சொட்டு வரை அழுத்தாமல் ஓரிரு மில்லியைச் சிரிஞ்சிலேயே நிறுத்திவிட்டு, குழாயைச் சுவரை ஒட்டி மெல்ல உருவுங்கள். வெளியே வந்ததும் குழாயின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு அடுத்த நிறத்தை இழுங்கள்.

சிரிஞ்சு இல்லை என்றால் மேலிருந்தும் செய்யலாம், அப்போது வரிசை தலைகீழாகும்: 60 கிராம் கரைசல் முதலில், தண்ணீர் கடைசியில். கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகு சுவரைத் தொடும்படியும், நுனி கரைசலின் மேற்பரப்பில் சற்றே நனையும்படியும் பிடித்து, டிராப்பரால் கரண்டியின் முதுகில் விடுங்கள். கரைசல் விழாமல் வழிந்து, பக்கவாட்டில் பரவும். மட்டம் ஏற ஏறக் கரண்டியையும் உயர்த்திக்கொண்டே வர வேண்டும். முதல் சில மில்லிதான் ஆபத்து. மேலே மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு படலம் சேர்ந்துவிட்டால், அதன்பிறகு விழுவது அந்தப் படலத்துக்குள்ளேயே அடங்கும், கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் கையால் செய்ய வேண்டும் என்றால் ஒளி ஊடுருவும் ஸ்ட்ராதான் சிறந்தது. பென்சில் தடிமனுக்குமேல் போகாத ஸ்ட்ராவாகப் பாருங்கள், அகலமாக இருந்தால் விரலால் மூடினாலும் அடியில் ஒழுகும். ஸ்ட்ராவைத் தண்ணீரில் இரண்டு சென்டிமீட்டர் முக்கி, மேல்முனையை விரலால் மூடித் தூக்க வேண்டும். அடுத்து அதை 15 கிராம் கரைசலில் நான்கு சென்டிமீட்டர் ஆழம் முக்கி, அதன்பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். வெளியே இருக்கும் கரைசல் உள்ளே ஏறி, தண்ணீரை மேலே தள்ளும். மறுபடி மூடித் தூக்கி, அடுத்ததில் ஆறு சென்டிமீட்டர். இந்த முறைக்கு டம்ளர்கள் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். ஐந்தாவது கரைசலில் பத்து சென்டிமீட்டர் முக்க வேண்டியிருப்பதால், மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வசதி. கரைசல்களின் வரிசையைச் சொல்லாமல் மூன்று நிறங்களை மட்டும் கொடுத்து, அடுக்கு நிற்கும் வரிசையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஆறு வரிசைகள் சாத்தியம், ஒன்றில் மட்டும்தான் எல்லா எல்லையும் தெளிவாக வரும். தவறான வரிசையில் கனமானது மேலே மாட்டிக்கொள்ளும், அது கீழே இறங்கும் நொடியிலேயே நிறம் மாறுவதைப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து இந்தப் பரிசோதனையில் பிள்ளைகள் அதிகம் யோசிப்பது இந்தப் புதிரில்தான்.

கலங்கினால், எங்கே தவறு நடந்தது என்பதை நிறமே சொல்லிவிடும், அதற்கேற்ப நிறங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால். மஞ்சளையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லையில் பச்சைப் பட்டை தோன்றும். வகுப்பில் அதை ஆறாவது அடுக்கு என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் நீங்கள் பழகும்போது அதுவே உதவி: பச்சைப் பட்டையின் தடிமன்தான் கலங்கலின் அளவு. நல்ல எல்லை என்றால் அது ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் தடித்தால் வேகமாக விட்டிருக்கிறீர்கள். எல்லை தெளிவாக இருந்து, ஓர் அடுக்கு மட்டும் தன் இடத்தில் இல்லாமல் வேறு நிறத்தோடு முழுவதும் கரைந்திருந்தால், சர்க்கரை அளவில் பிழை அல்லது வெப்பநிலை வேறுபாடு. அடிமுதல் நுனிவரை ஒரே பழுப்பு என்றால் உயரத்திலிருந்து விழுந்ததுதான் காரணம். நிறம் குறைவாகப் போடுங்கள், ஒரு டம்ளருக்கு இரண்டு, மூன்று சொட்டு ஃபுட் கலர் போதும். அதிகம் போட்டால் பின்பக்க வெளிச்சம் தெரியாது, எல்லைகளும் தெரியாது.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. சிவப்புதான் கனம், மஞ்சள் இலேசு என்று பிள்ளைகள் எளிதாக நம்பிவிடுவார்கள், எப்போதும் சிவப்பையே அடியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டு பாத்திரம் வையுங்கள், இரண்டாவதில் நிற வரிசையை மாற்றிவிடுங்கள். முடிந்தால் நடுவில் ஓர் அடுக்குக்கு நிறமே சேர்க்காமல் விடுங்கள். பின்னால் கோடு போட்ட தாளை வைத்துப் பார்த்தால், கோடுகள் எல்லைக்கு அருகே வளைந்து தெரியும். சர்க்கரை கூடினால் ஒளிவிலகல் எண்ணும் கூடுகிறது, தண்ணீருக்கு 1.33, நம் 60 கிராம் கரைசலுக்கு ஏறக்குறைய 1.39. எல்லையை உருவாக்குவது சாயம் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்பார்கள். யாரும் தொடாவிட்டாலும் மூலக்கூறுகள் எல்லையைக் கடந்து போய்வந்துகொண்டுதான் இருக்கும். இதுதான் விரவுதல். சர்க்கரை மூலக்கூறு பெரியது, தண்ணீரில் மெதுவாகத்தான் நகரும். எல்லையிலிருந்து சராசரியாக ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டு மில்லிமீட்டரும், ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரும் பரவும். நேரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும், எனவே இரண்டு சென்டிமீட்டருக்கு நான்கு நாள் வேண்டும். அடர்த்தியான கரைசலில் இன்னும் மெதுவு. சாயமும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் பரவும். அதனால் ஒரு பாட வேளைக்குள் எல்லை கூர்மையாகவே தெரியும், மறுநாள் மங்கியிருக்கும், சில நாளில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இழைந்திருக்கும். பாத்திரத்தை ஆடாத இடத்தில், வெயில் படாமல், மூடி வைத்துவிட்டு, தினமும் பட்டைகளின் தடிமனை அளவுகோலால் அளந்து குறிக்கச் சொல்லுங்கள்.

எல்லை மங்கிவிட்டால் அடர்த்தி வேறுபாடு போய்விட்டது என்று பொருள் இல்லை. மேலே இலேசு, கீழே கனம் என்பது அப்படியே இருக்கும், நடுவில் படிப்படியாக மாறும். ஆய்வகங்களில் இப்படிப்பட்ட சர்க்கரைச் சரிவை வேண்டுமென்றே தயாரிக்கிறார்கள். 1951இல் மைரான் பிராக்கி என்ற அறிவியலாளர், சர்க்கரைக் கரைசலின் அடர்த்திச் சரிவில் தாவர வைரஸ்களை வைத்து அதிவேகத்தில் சுழற்றிப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். சுழலும்போது அந்தக் கலவையில் உள்ள ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கித் தனித்தனிப் பட்டையாக நிற்கும். சரிவு இல்லாத வெறும் தண்ணீராக இருந்தால் அந்தப் பட்டைகள் உடனே கலைந்துவிடும். செல்லின் உட்பகுதிகளைப் பிரிக்க இன்றும் இந்த முறை பயன்படுகிறது. அடுக்கும் விதமும் நாம் சிரிஞ்சால் செய்ததேதான்: நீண்ட ஊசியால் கனமான கரைசலை அடியில் விடுவார்கள்.

நேரம் இருந்தால் சொட்டுச் சோதனை ஒன்று செய்யலாம். 30 கிராம் கரைசலில் கொஞ்சம் தனியே எடுத்து, வேறு அழுத்தமான நிறம் சேர்த்து, டிராப்பரின் நுனியைத் தண்ணீர் அடுக்குக்குள் நனைத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அது தண்ணீர் வழியாகவும் 15 கிராம் அடுக்கு வழியாகவும் இறங்கி, தன் அடுக்கை நெருங்கியதும் தயங்கி, பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். வழியில் கொஞ்சம் நீர்த்துப்போவதால் சற்று மேலேயே நிற்கலாம். எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கைதூக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று ஓர் அடுக்கை மட்டும் உப்புக் கரைசலால் செய்யாதீர்கள். உப்பு சர்க்கரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக விரவும். சற்றுக் கனமான உப்புக் கரைசலின் மேல் சர்க்கரைக் கரைசல் இருந்தால், கீழே சற்று இறங்கும் சர்க்கரைக் கரைசலுக்குள் பக்கத்திலிருந்து உப்பு வேகமாக நுழையும், சர்க்கரையோ வெளியேறாது. எனவே அது இன்னும் கனமாகி இன்னும் இறங்கும். அடர்த்திக் கணக்குப்படி நிற்க வேண்டிய எல்லையிலிருந்து மெல்லிய விரல்கள் போலக் கரைசல் மேலும் கீழும் இறங்கி ஏறும். கடலில் வெதுவெதுப்பான உப்பு நீர் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரின் மேல் இருக்கும் இடங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே உப்பைவிட வேகமாகப் பரவுவது வெப்பம். மெல்வின் ஸ்டெர்ன் 1960இல் இதை விளக்கினார். மேல் வகுப்புக்கு அருமையான தனிப் பரிசோதனை இது. எட்டாம் வகுப்பில் அடர்த்தியை முதன்முதலாகக் காட்டும் நாளில் மட்டும் ஐந்து டம்ளரிலும் சர்க்கரையே இருக்கட்டும்.